வகுப்பறை விளக்குகளைப் பொறுப்பேற்கும் நாளில் 400 லக்ஸ் இருக்கிறதா?

திருகோணமலை மாவட்டப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கடந்த மார்கழி மழையில் வானம் இருண்டிருந்த ஒரு காலை, விளக்குகள் புதிதாகப் பொருத்தப்பட்ட வகுப்பறையொன்றில் சுவரோரப் பிள்ளைகள் கொப்பியை யன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து எழுதுவதைக் கண்டேன். அந்த வேலையின் மதிப்பீட்டுத் தாளில், மேசையில் விழ வேண்டிய ஒளியளவான 300 லக்ஸை அறையின் பரப்பான 54 சதுர மீற்றரால் பெருக்கி, ஒரு விளக்கு உமிழும் மொத்த ஒளியான 3600 லூமனால் வகுத்து, வந்த 4.5ஐத் தாராளமாக 6 ஆக்கியிருந்தார்கள்.

விளக்கு உமிழும் ஒளி முழுவதும் மேசைக்கு வந்துசேரும், அது என்றும் குறையாது என்ற எண்ணமே இக்கணக்கின் பிழை. விளக்குகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் லூமன் முறை இவ்விரு இழப்புகளையும் கழித்தே பார்க்கிறது. 9 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் கொண்ட அந்த அறையில் மேசையிலிருந்து விளக்குக்கு 2.45 மீற்றர், ஆகவே அறையின் பரப்பை விளக்கின் உயரத்தோடு ஒப்பிடும் அறைச் சுட்டி 54 ÷ (2.45 × (9 + 6)), ஏறத்தாழ 1.5. இளநிறச் சுவர்களுக்கு இந்தச் சுட்டிக்கு உற்பத்தியாளரின் அட்டவணை, விளக்கொளியில் மேசைக்கு வந்துசேரும் பங்கான பயன்பாட்டுக் காரணியை 0.5 எனத் தந்தது. தூசியையும் கடற்காற்றின் உப்புப் படிவையும் விளக்கின் முதுமையையும் கருதி, நாளடைவில் மிஞ்சும் ஒளியின் பங்கான பராமரிப்புக் காரணியை 0.75 எனக் கொண்டேன்.

300 × 54 ÷ (3600 × 0.5 × 0.75) = 12

பொருத்தியவற்றைப் போல் இரு மடங்கு தேவை. ஆறு விளக்குகள் நாளடைவில் தரும் சராசரி 150 லக்ஸ் மட்டுமே.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதுதான்: 300 என்பது தூசி படிந்து பழசான பிறகும் மிஞ்ச வேண்டிய அளவு. எனவே புத்தம் புதிய விளக்குகள் 300 ÷ 0.75, அதாவது 400 லக்ஸ் காட்ட வேண்டும். பொறுப்பேற்கும் நாளிலேயே ஒளிமானி 300 மட்டுமே காட்டினால் அந்த வேலை குறைபாடுடையது. அளவீட்டை இரவில், மேசை மட்டத்தில், அறை முழுவதும் ஒழுங்கான இடைவெளிகளில் எடுக்க வேண்டும். பகலில் எடுத்தால் யன்னல் வெளிச்சமும் கணக்கில் சேர்ந்து குறையை மறைத்துவிடும்.

சராசரி சரியாக வந்தாலும் மூலைகள் இருளலாம். 2011ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தரமான ஈ.என். 12464-1, மிகக் குறைந்த அளவீடு சராசரியின் 0.6 பங்குக்குக் கீழே போகக் கூடாது என்கிறது. சராசரி 400 என்றால் எந்த மேசையிலும் 240க்குக் குறையக் கூடாது. அந்த வகுப்பறையில் ஆறு விளக்குகளும் நடுவே ஒரே வரிசையில் இருந்ததால் ஒளி சுவரோரத்தை எட்டவில்லை. பன்னிரண்டையும் நான்கு நான்காக மூன்று வரிசைகளில் அமைத்தால் இடைவெளிகள் 2.25 மீற்றரும் 2 மீற்றரும் ஆகும். விளக்கின் உயரத்தை விட இவை குறைவு என்பதால் ஒளி சீராகப் பரவும்.

கண்கூச்சத்தை அளக்கும் யூ.ஜி.ஆர். சுட்டிக்கு அதே தரம் விதிக்கும் மேல் எல்லை 19. உறையில்லாத குழல் விளக்கு மலிவு, ஆனால் கரும்பலகையைப் பார்க்கும் பிள்ளையின் கண்ணை உறுத்தும். ஒளிபரப்பி உறையுள்ள விளக்கைக் கேளுங்கள்; குழலின் நீளம் பிள்ளைகள் பார்க்கும் திசையிலேயே அமையட்டும். உறை சிறிது ஒளியை விழுங்குவதால், உறையுள்ள விளக்குக்கே உரிய அட்டவணையை வைத்துக் கணக்கிட வேண்டும்.

மின்செலவு கூடிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஒன்று 36 வாட் என்றால் பன்னிரண்டுக்கும் 432 வாட், சதுர மீற்றருக்கு 8 வாட். யன்னலோர வரிசைக்குத் தனி ஆளி வைத்தால், வெயில் நாட்களில் அதை அணைத்து, சதுர மீற்றருக்கு 5.3 வாட்டோடு வகுப்பு நடத்தலாம். எண்ணிக்கையைக் குறைப்பதை விட இதுவே நேர்மையான சிக்கனம்.

ஒப்பந்தக்காரரிடம் இக்கணக்குத் தாளையும் இரவு அளவீட்டுத் தாளையும் எழுத்தில் பெறாமல் இறுதிக் கொடுப்பனவில் கையொப்பமிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்பொறியியலாளர் ஒருவர்,
திருகோணமலை.