படிவத்தை என் கையில் தந்த அக்காவுக்கு

அன்புள்ள உறவுகளுக்கு,

என் பிரிவைப் பற்றி இங்கே மீண்டும் சொல்லப் போவதில்லை. எங்கள் தோட்டத்தில் அது எவருக்கும் புதிய செய்தியன்று. அந்த நாட்களில் என்னைத் தாங்கிய அம்மாவுக்கும், மாமா குடும்பத்தினருக்கும், நான் எடுக்காதபோதும் அழைத்துக்கொண்டேயிருந்த கொழும்புத் தோழிகளுக்கும் என் மனமார்ந்த நன்றி. எனினும் இம்மடலை எழுத உட்கார்ந்தது, ஹட்டன் நகரில் கொமியூனிகேஷன் கடை நடத்தும் அக்காவுக்காகவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோ கொப்பி எடுக்கச் சென்றிருந்தேன். கடை நிறையக் கூட்டம். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கான விண்ணப்பத்தைப் பிடித்தபடி வயதான அம்மா ஒருவர் வாங்கில் அமர்ந்திருந்தார். "தங்கச்சி, இந்த அம்மாவுக்கு இதைக் கொஞ்சம் நிரப்பிக் கொடுங்க" என்று அக்கா என்னிடம் பேனையை நீட்டினார். புதியவர்களிடம் வாய் திறக்கவே தொண்டை வறண்டுபோகும் எனக்கு, அன்று என்ன பேசுவதென்று தேட வேண்டியிருக்கவில்லை. முழுப் பெயர், பிறந்த திகதி, தாய் தந்தையரின் பெயர் என்று கேட்க வேண்டியவற்றைப் படிவமே வரிசையாக வைத்திருந்தது. தந்தையின் பெயர் அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் பழைய காகிதத்தில் வேறுவிதமாகவும் இருந்ததால், எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்ததில், அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்ற எண்ணமே எழவில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அக்கா எனக்கு அந்த வாங்கில் இடம் ஒதுக்கினார். சில வாரங்கள் சென்றதும், "படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றும் கேளுங்க, அவங்க இப்ப சொன்னதிலிருந்தே கேளுங்க" என்றார். பிறந்த இடம் பொகவந்தலாவை என்று ஒருவர் சொன்னபோது, அங்கே இன்னும் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். தம்பியின் குடும்பத்தைப் பற்றி அவராகவே பேசத் தொடங்கினார். பின்னர் என்னைப் பற்றியும் சொல்லப் பழகினேன், ஆனால் அவர் சொன்ன அளவுக்கே. மகளைப் பற்றி அவர் ஒரு வசனம் சொன்னால் அம்மாவைப் பற்றி நான் ஒரு வசனம். மனம் நொந்திருப்பவருக்கு மௌனத்தைப் போலவே அனைத்தையும் கொட்டிவிடும் அவசரமும் இருப்பதை அக்கா அறிந்திருந்தார்.

ஒருமுறை இளம்பெண் ஒருவர் ஒற்றைச் சொல்லில் பதிலளித்துவிட்டு எழுந்து போனார். எதில் தவறினேன் என்று அன்றிரவு முழுவதும் யோசித்தேன். அவருக்கு மஸ்கெலியா பஸ் தவறிவிடும் என்ற பயம், அவ்வளவுதான் என்று மறுவாரம் அக்கா சொன்னார். அன்றிலிருந்து இரவில், மற்றவர் என்ன சொன்னார் என்பதையே நினைத்துப் பார்க்கிறேன். அது நினைவிலிருந்தால் நான் கேட்டிருக்கிறேன். என் குரலின் நடுக்கம் மட்டுமே நினைவிலிருந்தால் என் கவனம் என்னிடமே இருந்திருக்கிறது.

என் வயதை ஒத்த ஆண்களிடம் பேசும்போது முதற்சில நிமிடங்கள் நெஞ்சு இன்னமும் படபடக்கிறது. ஆயினும் அண்மையில் ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளையின் உறவினர் ஒருவருடன் பந்திக்கு அழைக்கும்வரை பேசிக்கொண்டிருந்தேன். அக்கா, முதலாம் தர அனுமதிக்கான விண்ணப்பங்கள் வரும் காலத்தில் உங்கள் கடையில் நிற்கவே இடமிருக்காது. அந்த ஞாயிறுகளில் காலையிலேயே வந்துவிடுகிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தங்கச்சி