தாய்க்குத் தானாகத் தெரியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் குறள் கட்டுரையில், "பரிமேலழகரைச் சரியாகப் படிக்காத இக்காலத்தார்தான் அவரிடம் குறை காண்கிறார்கள்" என்று ஒரு வரி. 31 வருஷம் பள்ளியில் தமிழ் நடத்தியவளுக்கு இந்த வயதில் இப்படி ஒரு சான்றிதழ். நன்றி.

"ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்." இந்த 69ஆம் குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையில், பெற்றபோது கண்ட மகிழ்ச்சியைவிட இது பெரிது என்ற பகுதியை மட்டும் கட்டுரையாளர் எடுத்துப் போட்டிருக்கிறார். அதை ஒட்டியே "பெண் இயல்பால் தானாக அறியாமையின் 'கேட்ட தாய்' எனவும் கூறினார்" என்று இருக்கிறதே, அதைச் சரியாகப் படித்தாரா?

குறளில் 'கேட்ட' என்ற சொல் மட்டும்தான் இருக்கிறது. அவளுக்கு ஏன் தெரியாது என்ற காரணம் உரைகாரர் சேர்த்தது. அது தேவையும் இல்லை. சான்றோன் என்று சொல்ல உரியவர்கள் அறிவுடையோரே என்று அவரே அங்கே எழுதுகிறார். கேட்டதற்கு அந்தக் காரணம் போதாதா? அடுத்த குறளில், "இவன் தந்தை என்ன தவம் செய்தானோ" என்று ஊரார் வாயால்தான் அப்பாவுக்கும் பெருமை வருகிறது. அங்கே ஆண் இயல்பு என்று ஒரு எழுத்துகூட இல்லை.

புறநானூற்றின் 278ஆம் பாட்டைப் படித்தவர்களுக்கு இது இன்னும் உறுத்தும். மகன் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்கிறார்கள். அந்தக் கிழவி கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வாளோடு போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டு, "ஈன்ற ஞான்றினும் பெரிதுவந்தனளே." கிட்டத்தட்ட அதே சொற்கள், ஆனால் இவள் ஊர் சொன்னதை நம்பாமல் தானாக அறிந்தவள். பாடியவரும் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெண்.

என் மகனுக்கு யாப்பு சொல்லிக்கொடுத்தது நான். அவன் பள்ளியில் மதிப்பெண் அட்டையை நீட்டினால், "அப்பாவை வரச் சொல்லுங்கம்மா" என்பார்கள். அப்பாவுக்கு அசை பிரிக்கக்கூடத் தெரியாது. அப்புறம், நான் வேலை பார்த்த பள்ளியில் இந்த உரையை நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து, "அம்மாவுக்குத் தெரியாதா டீச்சர்?" என்று கேட்டாள். பரீட்சைக்கு உள்ளதை எழுது என்று உட்கார வைத்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பரிமேலழகரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவர் இல்லாமல் எனக்குப் பாதிக் குறள் புரிந்திருக்காது. அவர் உரையை எடுத்துப் போட்டால் முழுசாகப் போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. போன வருஷம் இதே உரையைப் பற்றி எழுதிய கடிதத்தில், தாய் தன் தொடைமேல் குழந்தையைக் கண்ட மகிழ்ச்சியைச் சொல்ல உரையில் வரும் 'கவான்' என்ற சொல்லை எழுதியிருந்தேன், தொடை என்ற பொருளில். நீங்கள் 'கனவான்' என்று அச்சடித்தீர்கள். குழந்தை யாரோ ஒரு பெரிய மனிதர் மடிக்குப் போய்விட்டது. இந்த முறை அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை