பீட்சாவை எட்டாக வெட்டியதோடு நிறுத்திவிடாதீர்கள்: கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரிய நண்பர்களே, வணக்கம்.

காகிதத்தில் வட்டம் வெட்டி, மடித்து, எட்டுத் துண்டாக்கி, மூன்றைத் தனியே எடுத்து வைத்து "இது 3/8" என்று சொல்லும் பாடத்தை நாம் எல்லோரும் நடத்தியிருக்கிறோம். பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் பின்னம் முடிந்ததும் வட்டங்களைப் பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டு, தசமத்துக்குக் கரும்பலகையில் இடமதிப்பு அட்டவணை, சதவீதத்துக்கு "நூறால் பெருக்கு" என்று போய்விடுகிறோம். அதனால்தான் ஏழாம் வகுப்பில் 1/8ஐ 0.8 என்று எழுதும் பிள்ளையும், 125 பெரிசு என்பதால் 0.25ஐ விட 0.125தான் பெரிசு என்று சாதிக்கும் பிள்ளையும் வருஷா வருஷம் நமக்குக் கிடைக்கிறார்கள். அந்தப் பீட்சாவைத் தசமம், சதவீதம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகலாம். ஒன்றே ஒன்றை மாற்றினால் போதும், அளவை.

வட்டத்தின் ஆரம் 15.9 செ.மீ. இருக்கட்டும். அப்போது சுற்றளவு ஏறக்குறைய சரியாக 100 செ.மீ. வரும். அதாவது விளிம்பு முழுக்க ஒரு மீட்டர். கால் துண்டின் விளிம்பில் இஞ்ச் டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தை வைத்தால் 25 செ.மீ., அதுவே 0.25 மீட்டர், அதுவே பீட்சாவில் 25 சதவீதம். எட்டில் ஒன்றின் விளிம்பு பன்னிரண்டரை சென்டிமீட்டர். 0.125 சின்னது, 0.25 பெரிசு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்தாலே முடிந்தது.

செய்வதற்குச் சில விஷயம். ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் இவ்வளவு அகலம் விரியாது. நூல் கட்டி வரைந்தால் நூல் இழுபட்டு வட்டம் கோணிக்கொள்ளும். கெட்டி அட்டையில் ஒரு பட்டை வெட்டி, 15.9 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் குண்டூசி, இன்னொன்றில் பென்சில் முனை விட்டுச் சுற்றுங்கள். வழக்கமான பெரிய சார்ட் ஒன்றில் இரண்டு வட்டம் கிடைக்கும். அப்புறம் பழைய அட்டைப்பெட்டியில் அதே அளவில் தட்டுகள், ஆளுக்கு ஒன்று. டேப்பைத் தட்டின் ஓரத்தில் சுற்றிப் பிடித்து, 0 முதல் 100 வரை தட்டின் மேல்பக்க விளிம்பில் கோடு போடுங்கள். 100 வந்து 0 மேல் உட்காரவில்லை என்றால் ஆரம் தப்பு. ஓரிரு மில்லிமீட்டர் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் வேறு தட்டு வெட்டுவதுதான் நல்லது. வெட்டும்போது 2, 4, 8 துண்டுகளை மடித்தே பிரித்துவிடலாம். 5, 10, 20 மடிப்புக்கு வராது, வட்டத்தைத் தட்டின் மேல் வைத்து, விளிம்பில் 20, 10, 5 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து மையத்துக்குக் கோடு இழுக்க வேண்டும். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இப்படி ஆறு பீட்சா, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வெட்டியது. துண்டுகளின் மேல் எதுவும் எழுதாதீர்கள், எழுதினால் ஆட்டமே போச்சு.

ஆட்டம் எளிது. ஒவ்வொரு வகைத் துண்டுக்கும் மூன்று சீட்டு: 1/20, 0.05, 5% என்கிற மாதிரி. சீட்டைக் குலுக்கி எடுக்கிற பிள்ளை அதில் இல்லாத மற்ற இரண்டு பெயரையும் முதலில் வாயால் சொல்ல வேண்டும், பிறகுதான் துண்டைத் தன் தட்டில் முந்தைய துண்டை ஒட்டி வைத்து விளிம்பில் பார்க்கலாம். தப்பாகச் சொன்னால் துண்டு திரும்பிப் போய்விடும். 5%க்கு 0.5 என்று சொல்கிறவன் இங்கேதான் மாட்டுவான், அவன் சொன்னது பாதிப் பீட்சா, கையில் இருப்பதோ ஒரு கீற்று. தட்டு மிகச் சரியாக நிரம்பினால் வெற்றி. மிஞ்சுகிற துண்டை வைக்கக் கூடாது.

இதோடு விட்டால் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு. கூடவே ஒரு விதி வேண்டும்: தன் முறை வரும்போது சீட்டு எடுப்பதற்குப் பதிலாக, தட்டில் இருக்கும் ஒரு துண்டை வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றினால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு ஆட்டத்தைப் பாருங்கள். 25%, 1/8, 0.1 என்று மூன்று சீட்டு வருகிறது. தசமத்தில் 0.25 + 0.125 + 0.1 = 0.475. பின்னத்தில் 10/40 + 5/40 + 4/40 = 19/40. விளிம்பிலும் 47.5. அடுத்து 1/2 வந்து மொத்தம் 0.975 ஆகிறது. மிச்சம் 0.025, அதாவது 1/40 (நம் பழைய கணக்கில் அரைமா). அந்த அளவுக்குத் துண்டே கிடையாது! எந்தச் சீட்டு வந்தாலும் உதவாது, பிள்ளை உட்கார்ந்து யோசித்தே ஆக வேண்டும். எந்த இரண்டு துண்டுக்கு நடுவில் வித்தியாசம் 0.025? எட்டில் ஒன்றுக்கும் பத்தில் ஒன்றுக்கும். 0.1ஐக் கொடுத்துவிட்டு 1/8ஐ வாங்கினால் தட்டு நிரம்பும். பின்னமாக யோசித்தால் பொதுவான பகுதி எண் தேட வேண்டும், தசமமாக யோசித்தால் சட்டென்று கிடைக்கும். எதை எப்போது எடுப்பது என்று பிள்ளை தானே தேர்ந்தெடுக்கிற இந்த இடத்துக்காகத்தான் நான் இத்தனை மெனக்கெடச் சொல்கிறேன்.

மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஆட்டத்தில் சேர்க்காதீர்கள். 15.9 ஆரத்தில் உண்மையான சுற்றளவு 99.9 செ.மீ.தான், 33.3 செ.மீ. துண்டு மூன்று அதில் அச்சாகப் பொருந்திவிடும். பிள்ளை 1/3 என்றால் 33.3% என்று திருப்தியாக எழுதிக்கொள்ளும். முடிவில்லாமல் போகிற 0.333...ஐக் காகிதத்தால் காட்ட முடியாது. அதற்கு 1ஐ 3ஆல் வகுத்து, ஒவ்வொரு படியிலும் அதே 1 மீதி வருவதைக் கரும்பலகையில்தான் காட்ட வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நாலைந்து வகுப்பு ஆடியதும் "சென்டிமீட்டர்தான் சதவீதம்" என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். அப்போது எட்டு சென்டிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர் குறைவான ஆரத்தில் ஒரு சின்னப் பீட்சா கொண்டுபோங்கள், அதன் விளிம்பு 50 செ.மீ. அதில் கால் துண்டை வெட்டி அளக்கச் சொன்னால் 12.5 வரும், "12.5 சதவீதம் சார்" என்று நாலு குரல் எழும். மறுக்க வேண்டாம். சின்னதின் கால் துண்டையும் பெரியதின் எட்டில் ஒன்றையும் மேஜைமேல் போட்டு, இரண்டுக்கும் விளிம்பு ஒரே நீளம் என்று அவர்களையே அளக்க வைத்துவிட்டு, நிஜப் பீட்சாவாக இருந்தால் எதை எடுப்பாய் என்று கேளுங்கள். பெரியதின் 12.5% துண்டு, சின்னதின் 25% துண்டைப் போல இரண்டு மடங்கு பரப்பு. கட்டம் போட்ட தாளில் வைத்து எண்ணினால் தெரிந்துவிடும், ஆனால் எண்ணுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சண்டை போட விடுங்கள்.