ஞாயிறு கூட்டம்: குறிப்பு எழுதும் முறை மாறுகிறது

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு மொட்டைமாடியில் சங்கக் கூட்டம். இம்முறை முதல் மினிட்ஸ் இப்படி இருக்கும்:

1. முடிவுகள் மேலே, விவாதம் கீழே, சுருக்கமாக.

2. ஒவ்வொரு முடிவிலும் வேலை, பொறுப்பாளர், தேதி மூன்றும் இருக்கும். "தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிப் பேசப்பட்டது" என்று எழுதினால் தொட்டி அப்படியேதான் கிடக்கும். "மேல்தொட்டி கழுவ இரண்டு கொட்டேஷன் வாங்குவது – பொருளாளர் – 20ஆம் தேதிக்குள்" என்று எழுதுவோம்.

3. பொறுப்பு ஒருவர் பெயரில் மட்டும். 'கமிட்டி' என்று போட்டால் யாரைக் கேட்பது? வராதவர் தலையில் கேட்காமல் கட்ட மாட்டோம்.

4. முடிவாகாதவை 'நிலுவை' என்று தனியே வரும்.

5. ஒவ்வொரு முடிவையும் செயலாளர் அங்கேயே வாசிப்பார். மறுப்பு இருந்தால் அப்போதே சொல்லுங்கள்.

வருபவர்கள் சனி மாலை 6 மணிக்குள் வீட்டு எண்ணோடு பதில் போடுங்கள்.

– செயலாளர்