உங்கள் மருந்தை எங்கே போடுவது என்று உங்களுக்கே தெரியாதா?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். காலாவதியான, தோலில் ஒட்டுகிற உங்கள் வலி பேட்ச்சை வீட்டில் இருந்து எப்படி அப்புறப்படுத்துவது என்ற ஒரே கேள்வி. அதற்கு இரண்டு வாரமாக ஏழு போன், மூன்று அலைச்சல். இந்த இரண்டு வாரத்தில் நான் நிம்மதியாகத் தூங்கிய இரவு ஒன்றுகூட இல்லை. அந்த நாட்களை உங்களால் திருப்பித் தர முடியாது, அதனால் இதையாவது முழுசாகப் படியுங்கள்.

என் மாமியார் புற்றுநோயால் இறந்து பத்து மாதம் ஆகிறது. அவர் அலமாரியைத் திறக்க எங்களுக்கு இத்தனை நாள் மனசு வரவில்லை. திறந்தபோது ஒரு பை நிறைய மருந்து இருந்தது. நரம்பு வலிக்குக் கொடுத்த கார்பமாசெபின் மாத்திரை மூன்று அட்டை, பாதி குடித்த ஆன்டிபயாடிக் சிரப், ஒரு இன்ஹேலர், அப்புறம் ஃபென்டானில் என்ற கடுமையான வலி மருந்து உள்ள உங்கள் பேட்ச் ஆறு. ஆறும் பிரிக்காத உறையோடு, தேதி முடிந்தவை. அதோடு, ஒட்டி எடுத்துவிட்டு யாரோ டிஷ்யூவில் சுற்றி வைத்த பழைய பேட்ச் இரண்டு. எங்கள் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. எதைப் பார்த்தாலும் ஸ்டிக்கர் என்று கையில் ஒட்டிக்கொள்ளும் வயசு.

உங்கள் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பிரித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி: மருந்துகளைக் கழிவுநீரில் சேர்க்காதீர்கள், அப்புறப்படுத்தும் முறையை மருந்துக்கடைக்காரரிடம் கேளுங்கள். சரி, கேட்டேன். அவர் "கம்பெனியிடம் கேளுங்க" என்றார். கம்பெனி என்றால் நீங்கள். நீங்கள் திரும்ப "மருந்துக்கடையில் கேளுங்க" என்றீர்கள். பந்து மாதிரி இரண்டு பேரும் என்னைத் தட்டி விளையாடினீர்கள்.

நான்காவது போனில் பேசியவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேட்ச் என்று சொல்லி முடிப்பதற்குள் குறுக்கே விழுந்து, "மேடம், மாத்திரையைத் தூக்கிப் போடக்கூடவா ஒரு ஆள் சொல்லித் தரணும்? எல்லாத்தையும் டாய்லெட்ல கொட்டி ஃப்ளஷ் பண்ணுங்க" என்றார். மாத்திரை இல்லை, பேட்ச் என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்று வைத்துவிட்டார். எல்லாம் ஒன்றாம்! மருந்து கம்பெனியின் போனில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற வார்த்தையா இது? உங்களிடம் அழைப்புப் பதிவு இருக்கும், தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். அவர் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை.

அதற்கு முன்பு நடந்ததை விட்டுவிட்டேன், கோபத்தில் வரிசை தப்பிப் போகிறது. இரண்டாவது போனில் ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் நிறுவனம் சில இடங்களில் மருந்து சேகரிப்புப் பெட்டி வைத்திருக்கிறது என்று ஒரு விலாசமும் கொடுத்தார். அரை நாள் விடுப்பு போட்டு, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டி இருந்த இடத்தில் குளிர்பான ஃப்ரிட்ஜ் நிற்கிறது. கேட்டால், "அதையா? எடுத்து ரொம்ப நாள் ஆச்சே" என்று சிரிக்கிறார் அங்கே இருந்தவர். எடுத்துவிட்ட பெட்டியின் விலாசத்தை இன்னும் உங்கள் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். ஃபென்டானிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கூட்ட நெரிசலில் நின்று திரும்பி வந்தவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

கடைசியில் வழி சொன்னவர் மாமியாரைக் கடைசி மாதங்களில் பார்த்துக்கொண்ட வலி நிவாரண நர்ஸ். உங்களில் ஒருவர்கூட இல்லை. பத்து நிமிஷப் பேச்சில் எல்லாம் தெளிவாகிவிட்டது. அவர் சொன்னதை எழுதுகிறேன், உங்கள் ஆட்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அவர் கேட்டது, "பழசு ரெண்டையும் குப்பையில போட்டுடலையே?" என்றுதான். நான் புதுசு ஆறைத்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் உடம்பில் ஒட்டி எடுத்த பிறகும் பேட்ச்சில் மருந்து தீர்ந்து போவதில்லை, கணிசமான பங்கு உள்ளேயே நிற்கும். மருந்து தோல் வழியாக மெதுவாக இறங்க வேண்டும் என்பதற்காகத் தேவைக்கு மேல் நிரப்பித்தான் அதைச் செய்கிறார்கள். பெரியவர்களுக்கு வலி குறைக்கிற அளவு, ஒரு குழந்தையின் மூச்சை நிறுத்தப் போதும். குப்பைக்கூடையில் இருந்து எடுத்து ஒட்டிக்கொண்டும் வாயில் போட்டுக்கொண்டும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. இது உங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். செய்தவர்கள் நீங்கள்தானே?

ஆகவே பேட்ச்சுக்கு அவர் சொன்ன முறை வேறு. ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து, அது தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும்படி நன்றாக அழுத்த வேண்டும். வெட்டக் கூடாது. பிரிக்காத பேட்ச் என்றாலும் உறையில் இருந்து எடுத்து, மேல் தாளை உரித்து, இதே மாதிரி மடிக்க வேண்டும். ஒட்டும் பக்கம் விரலில் பட்டால் வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும், சோப்பு போடக் கூடாது, சோப்பு பட்டால் மருந்து இன்னும் வேகமாகத் தோலுக்குள் போகலாம். நான் அன்றுவரை சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன்! மடித்ததைத் திரும்ப வாங்கும் மருத்துவமனையோ கடையோ இருந்தால் அங்கே கொடுப்பதுதான் முதல் வழி. எங்கேயும் வாங்கவில்லை என்றால் மட்டும் மடித்த பேட்ச்சை உடனே டாய்லெட்டில் ஃப்ளஷ் செய்யலாம். அதே அமெரிக்க நிர்வாகம் இதற்கென்று ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கிறது, பெரும்பாலும் ஓபியாய்டு என்கிற அபினி வகை வலி மருந்துகள், ஃபென்டானில் அதில் உண்டு. தண்ணீரில் கொஞ்சம் கலந்தாலும் பரவாயில்லை, ஒரு உயிர் போகக் கூடாது என்ற கணக்கு அது.

கவனியுங்கள், அந்தச் சலுகை அந்தப் பட்டியலுக்கு மட்டும்தான். உங்கள் நான்காவது போன்காரர் பேட்ச்சுக்கான விதியை எங்கேயோ அரைகுறையாகக் கேட்டு, பை முழுவதையும் கொட்டச் சொன்னார். அந்தப் பையில் இருந்த கார்பமாசெபினை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கழிவுநீர் சுத்திகரிப்பில் அது ஏறக்குறைய அப்படியே வெளியே வந்து ஆற்றில் கலக்கும். ஆற்று நீரில் கழிவுநீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர்கள் தேடும் அடையாளமே அதுதான், அவ்வளவு பிடிவாதமான சரக்கு. மூன்று அட்டையைக் கொட்டியிருந்தால் அது தண்ணீரோடு போய்விட்டது, திரும்பப் பிடிக்க முடியாது. ஆன்டிபயாடிக்கைக் கொட்டினால் சாக்கடையில் இருக்கும் கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ளும். உங்கள் காகிதம் கழிவுநீரில் சேர்க்காதே என்கிறது, உங்கள் ஆள் கொட்டு என்கிறார். இரண்டில் எது உங்கள் நிறுவனத்தின் கருத்து?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பேட்ச் மாதிரி தலைவலி இல்லை. மாத்திரைகளை அட்டையில் இருந்து பிதுக்கி எடுத்தேன், பொடிக்கவில்லை, பொடித்தால் தூசி மூக்கில் போகும். அவற்றோடு சிரப்பையும் ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, யாரும் தொட விரும்பாத அளவுக்கு ஈர மண்ணும் காபிச் சக்கையும் சேர்த்துப் பிசைந்தேன். சிரப் முழுவதும் மண்ணில் ஊறி, சொட்டாத பதம் வரும் வரைக்கும் மண் போட வேண்டியிருந்தது, நினைத்ததைவிட நிறையவே. பையை இறுகக் கட்டி இன்னொரு பைக்குள் போட்டு, வண்டி வரும் அன்று காலையில்தான் குப்பையில் வைத்தேன், முந்தின இரவே வைத்தால் நாய் கிழிக்கும், யாராவது பொறுக்குவார்கள். பாட்டிலில் இருந்த மாமியார் பெயரைக் கிழித்தேன். இன்ஹேலரை இதில் சேர்க்கவில்லை. அழுத்தம் அடைத்த டப்பா அது, ஓட்டை போட்டாலோ நெருப்பில் போட்டாலோ வெடிக்கும். அதையும், மடித்த பேட்ச் எட்டையும் நர்ஸ் தன் மருத்துவமனையில் வாங்கிக்கொண்டார், பேட்ச்சை எண்ணிப் பதிவேட்டில் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கினார். நல்லவேளை கீமோ மாத்திரை எதுவும் மிச்சமில்லை. இருந்திருந்தால் அதைக் குப்பையிலும் போடக் கூடாது, மருத்துவமனைக்கே திரும்ப வேண்டுமாம். இப்படி மருத்துவமனையில் திரும்பக் கொடுப்பது எல்லாருக்கும் கிடைக்கிற வசதி இல்லை, எனக்கு அவரைத் தெரிந்ததால் நடந்தது. தெரியாதவர்கள் உங்கள் நான்காவது போனோடு நின்றுவிடுவார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மடி, ஒட்டு, திரும்பக் கொடு, முடியாவிட்டால் மட்டும் ஃப்ளஷ் செய் என்பதை ஒவ்வொரு பேட்ச் உறையின் மேலேயும் படத்தோடு அச்சிடுங்கள், பெட்டிக்குள் மடித்த காகிதத்தில் ஒளிக்காதீர்கள். இல்லாத பெட்டிகளின் விலாசங்களைப் பட்டியலில் இருந்து எடுங்கள். போனில் உட்காருகிறவர்களுக்கு மாத்திரையும் பேட்ச்சும் ஒன்று இல்லை என்று சொல்லிக்கொடுங்கள். அந்த நான்காவது போன்காரர் என்னிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை நான் விடப் போவதில்லை.

15 நாள் தருகிறேன். அதற்குள் பெயர் போட்டு ஒரு மனிதர் பதில் எழுதவில்லை என்றால், அழைப்பு நேரங்கள், அந்த ஃப்ரிட்ஜ் நிற்கும் இடத்தின் புகைப்படம், உங்கள் காகிதத்தின் கடைசிப் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் அனுப்புவேன். வக்கீலிடம் பேசிவிட்டேன். அந்தப் பேட்ச் இல்லாவிட்டால் என் மாமியார் கடைசி மாதங்களில் துடித்திருப்பார், அதையும் நான் மறக்கவில்லை. அதனால்தான் நேராகப் போகாமல் முதலில் உங்களிடம் எழுதுகிறேன்.

இன்னொன்று, தயவுசெய்து "தங்கள் கருத்துக்கு நன்றி" மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பேட்ச்சை எட்டு முறை மடித்த ஒரு வாடிக்கையாளர்