சீசரின் முதுகு நரைக்கவில்லை

அன்புள்ள செல்வம்,

கடிதமும் உன் நாய் சீசரின் நான்கு படங்களும் கிடைத்தன. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். தரையில் கிடக்கும் முடியெல்லாம் இனி அவள் கைக்கும் வாய்க்கும் போகும் என்ற உன் கவலை நியாயம்தான்.

முதல் படத்தைப் பார்த்துவிட்டு, முதுகுக் கருப்பு மங்கிவிட்டதே, சத்துக் குறைவா என்று கேட்டிருந்தாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே விறைப்பான நீள முடி, அடியில் பஞ்சு மாதிரி வெளிர் சாம்பல் உள்முடி. அந்த உள்முடி வேரை விட்டுக் கழன்றும் கீழே விழாமல் மேல்முடிக்குள் மாட்டி நிற்கிறது. கருப்புக்கு ஊடே சாம்பல் தெரிவதால்தான் நரைத்த மாதிரி இருக்கிறது. தொடையின் பின்பக்கத்தைப் பார், கிழிந்த மெத்தையில் பஞ்சு பிதுங்குவது போல் கொத்துக் கொத்தாக நிற்கிறது. அதில் ஒரு கொத்தை இரண்டு விரலால் இழு. சீசர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையோடு வந்தால், அது கழன்ற முடிதான்.

இரண்டாவது படம் ராத்திரியில் ஃபிளாஷ் போட்டு எடுத்தது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நேர் வெளிச்சம் நிழலைத் தின்றுவிடும். நிழல் இல்லாமல் முடியின் அடர்த்தி தெரியாது. போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். உடம்பின் விளிம்பில்தான் கொத்துகள் நிற்கும், அது அந்த விளிம்பையே மங்கலாக்கிவிடும். காலையில் ஜன்னலோரம் நிற்க வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, நாயின் உயரத்துக்குக் குனிந்து எடு. குளிப்பாட்டிய அன்று எடுக்காதே. பிறகு பிடரி, தொடைப் பின்பக்கம், வாலடி மூன்றிலும் முடியை விரலால் வகிடு எடுத்துப் பிரித்துக் கிட்டத்தில் எடு. வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பு. சாதாரணமாக அனுப்பினால் மெல்லிய முடியெல்லாம் அழிந்துவிடுகிறது.

வகிட்டில் தோல் ஒரு கோடாகத் தெரிந்தால் நல்லது. தோலே தெரியாமல் கம்பளி போல் அப்பிக் கிடந்தால் உள்முடி அடைத்திருக்கிறது, சீவியே ஆக வேண்டும். காதுக்குப் பின்னால் எடுத்த மூன்றாவது படத்தில் தோல் சுத்தமாக இருக்கிறது, சிக்கும் இல்லை. வாலடிப் படத்தில்தான் லேசான சிவப்பும் கருப்புப் பொடியும் தெரிகின்றன. அது மண்ணா, தெள்ளுப்பூச்சியின் எச்சமா என்று படத்தில் சொல்ல முடியாது. பொடியை ஈர டிஷ்யூவில் வைத்து அழுத்து. செம்பழுப்பாகக் கசிந்தால் பூச்சிதான். முதலில் டாக்டரிடம் மருந்து வாங்கு, சிவந்த இடத்தில் பிரஷ் போடாதே. இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி வழுக்கை விழுந்தாலும் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். உள்முடி உதிர்வதில் மேல்முடி போகாது, வழுக்கையும் விழாது.

இனி பிரஷ். உதிரும் முடியை எடுக்க நீ வாங்கியிருக்கும் டீஷெட்டிங் பிளேடை இப்போதைக்கு எடுத்து வை. அதன் நெருக்கமான பல் அழுத்தினால் மேல்முடியையும் அறுத்துவிடும். அறுந்த முடி நுனி மழுங்கிச் சிலிர்த்து நிற்கும். அது மறுபடி வளர மாதங்கள் ஆகும். சீசருக்கு வேண்டியது உள்முடியைச் சீவி எடுக்கும் அண்டர்கோட் ரேக்: ஏறக்குறைய 2 செ.மீ. நீளப் பல், நுனி உருண்டையாக இருக்க வேண்டும். பல் குட்டையாக இருந்தால் மேலே மட்டும் வழுக்கிப் போகும், உள்முடி அப்படியே கிடக்கும்.

தொடையின் கீழ்ப்பகுதியில் ஆரம்பி. ஒரு கையால் மேலுள்ள முடியைத் தூக்கிப் பிடித்து, அடியில் ஒரு வரிசையை மட்டும் விட்டு, முடி படியும் திசையில் சின்னச் சின்னதாக இழு. அது முடிந்ததும் அடுத்த வரிசையை இறக்கி மேலே ஏறு. எடையைப் போடாதே, ரேக்கின் கனமே போதும். ஒரு தடவைக்கு 15 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசியில் இரும்புச் சீப்பை வேரிலிருந்து நுனிவரை விட்டுப் பார். தட்டாமல் ஓடினால் அந்த இடம் முடிந்தது.

ஒவ்வொரு தடவையும் ரேக்கில் வந்த முடியைக் கையில் எடுத்துப் பார். நெளிநெளியாக, மெத்தென்று, ஒரே வெளிர் நிறமாக இருந்தால் உள்முடி, தொடரலாம். நுனி கருத்த, நேரான, விறைத்த முடி அதிகம் வந்தால் அந்த இடத்தில் உடனே நிறுத்து.

கோடைக்கு சீசருக்கு மொட்டை அடிக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, வேண்டாம் செல்வம். அடைத்த உள்முடி போனாலே தோல் வரை காற்று நுழையும். மேல்முடி போனால் வெயில் நேராகத் தோலைச் சுடும், திரும்ப வளரும்போதும் திட்டுத் திட்டாகவே வரலாம்.

முதல் தடவை சீவியதும், வந்த முடியை வெள்ளைத் தாளில் பரப்பி அதையும் படமெடுத்து அனுப்பு. வாலடி டிஷ்யூவையும் மறக்காதே.

அன்புடன்,
ரகு