இரண்டாம் பருவ நிறைவும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் திருத்தப்படுகின்றன. குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நம் பிள்ளைகள் பரிசுகளுடன் திரும்பினார்கள். நூலகத்துக்குப் புதிய அலமாரி வந்துவிட்டது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

அடுத்து, ஜனவரியில் நடக்கும் அறிவியல் கண்காட்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு பதினெட்டுக் குழுக்களில் ஐந்து குழுக்கள் எரிமலை செய்தன, நான்கு குழுக்கள் மழைநீர் சேகரிப்பு. பிள்ளைகள் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. யாரைக் கேட்டாலும் முதலில் மனதில் வருவது ஏற்கெனவே பார்த்ததும் கேட்டதும்தான், அதனால்தான் எல்லோருக்கும் ஒன்றே வருகிறது. இதற்காகத்தான் இந்த ஆண்டு ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு ஒரு விதி வைத்தோம். ஒவ்வொருவரும் ரஃப் நோட்டில் தனியாக முப்பது யோசனை எழுத வேண்டும். முப்பது முடியும்வரை எதையும் நல்லது, கெட்டது என்று சொல்லக்கூடாது, அடிக்கவும் கூடாது.

இது நாங்களாகக் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1953-ல் எழுதிய நூலிலேயே எண்ணிக்கை முதலில், தீர்ப்பு பிறகு என்ற முறை இருக்கிறது. அவர் இதைக் கூட்டமாகச் செய்யச் சொன்னார். ஆனால் 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், தனித்தனியே எழுதியவர்களின் பட்டியல்களைச் சேர்த்தபோதுதான் அதிக யோசனைகள் கிடைத்தன. அதனால்தான் முதலில் தனியாக எழுதச் சொன்னோம், குழுவாகச் சேர்வது அப்புறம்.

மதிய உணவுக்குப் பின் தட்டு கழுவும் இடத்தில் தண்ணீர் வீணாவதைத் தலைப்பாகக் கொடுத்திருந்தோம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருவரின் நோட்டைச் சொல்கிறேன். முதல் ஏழு யோசனைகள் சுவரொட்டி, வாசகம், உறுதிமொழி, தானியங்கிக் குழாய் என்று வகுப்பில் எல்லோரும் எழுதியவை. எட்டிலிருந்து பதின்மூன்றுவரை தடுமாற்றம்: வண்ணச் சுவரொட்டி, பெரிய சுவரொட்டி. இதுதான் எல்லோரும் நிறுத்தும் இடம், இனி ஒன்றும் வராது என்று தோன்றும் இடம். பதினான்கில் குழாய்க்குக் கீழே உள்ள வால்வைப் பாதி மூடி வைக்கலாம் என்று எழுதியிருந்தார். இருபத்திரண்டில் "தட்டே வேண்டாம், வாழை இலை போடலாம்". நானூறு பேருக்குத் தினமும் இலை வாங்க நம்மால் முடியாது. ஆனால் இருபத்து நான்கில், கழுவும் முன் இலைத் துண்டால் தட்டைத் துடைத்தால் என்ன என்று கேட்டிருந்தார். இருபத்திரண்டு இல்லாமல் இருபத்து நான்கு வந்திருக்காது.

அதைச் செய்து பார்த்தோம். குழாய்க்கடியில் பத்து லிட்டர் வாளியை வைத்து ஐந்து தட்டைக் கழுவியபோது வாளி நிரம்பியது. துடைத்த ஐந்து தட்டுக்குப் பாதி வாளிக்குச் சற்று மேல்தான் வந்தது. சாம்பார் காய்ந்து ஒட்டிய தட்டுக்கு இது அவ்வளவாக உதவவில்லை. அதையும் அந்த மாணவி நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்.

இப்போது என் வருத்தத்தைச் சொல்ல வேண்டும். திரும்பி வந்த நோட்டுகளில் பலவற்றில் சிவப்பு மைக் கோடுகள் இருந்தன. "இதெல்லாம் நடக்காது", "அசிங்கமாக இருக்கிறது" என்று ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒரு நோட்டில் பதினொன்றாவது யோசனை அடிக்கப்பட்ட பிறகு பக்கம் காலி. சிலவற்றில் முப்பதும் பெரியவர்களின் கையெழுத்தில் இருந்தன. உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. மதிப்பெண் குறையுமோ என்ற பயமும் புரிகிறது. ஆனாலும் தெளிவாகச் சொல்கிறேன்: பெரியவர்கள் எழுதிய பட்டியலையும் கடையில் வாங்கிய மாடலையும் கண்காட்சியில் வைக்க மாட்டோம். அடித்த நோட்டுகளைத் திருப்பித் தருகிறோம். பிள்ளைகள் மறுபடி எழுதட்டும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளை திணறும்போது "வேறென்ன?" என்று மட்டும் கேளுங்கள். உச்சுக்கொட்டுவதும் அவர்களுக்குத் தீர்ப்புதான். சிவப்புச் சுவரொட்டி, நீலச் சுவரொட்டி என்று எண்ணிக்கையை நிரப்பினால் அவற்றை ஒன்றாக எண்ணச் சொல்லுங்கள். முப்பதையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம், இரண்டு மாலைகள் போதும்.

தேர்ந்தெடுப்பது வேறொரு நாள், பள்ளியில் நடக்கும். ஒரு வாரத்தில் முடியுமா, இருநூறு ரூபாய்க்குள் அடங்குமா, பிள்ளையே அளந்து காட்ட முடியுமா என்று அப்போது கறாராகவே கேட்போம். உங்கள் கருத்தையும் அன்றைக்குச் சொல்லலாம், வாருங்கள்.

வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்க்கிறீர்களே, அதற்கு மனமார்ந்த நன்றி. புதிய பட்டியல்களைப் பள்ளி திறக்கும் நாளில் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்